பாரின் வேகம் சொல்லும் இன்றைய எடை

பெஞ்ச் பிரஸ்ஸில் ஒருவரின் அதிகபட்சம் 100 கிலோ என்றால், அது அவர் சோதித்துப் பார்த்த நாளின் கணக்கு. பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் அந்த ஒரு நாள் கணக்கை வைத்துத்தான் எட்டு, பத்து வாரங்களுக்கு எழுதப்படுகின்றன. திட்டத்தில் 80 சதவீதம் என்று இருந்தால் அவர் பாரில் 80 கிலோ ஏற்றுவார். ஆனால் உடம்பின் வலிமை நாளுக்கு நாள் ஏறி இறங்கும். தூக்கம் கெட்ட வாரத்தில் அவரது அதிகபட்சம் 92 கிலோவாகக் குறைந்திருந்தால், அதே 80 கிலோ அவருக்கு 87 சதவீதமாகிவிடும். நன்றாக ஓய்வெடுத்து அதிகபட்சம் 107 கிலோவாக உயர்ந்திருந்தால் 75 சதவீதம்தான். நான்கு ரெப் சுலபமாக முடிய வேண்டிய செட், முதல் நாளில் முட்டி மோதி முடியும். இரண்டாவது நாளில் அதே செட்டால் பெரிய பயன் இருக்காது. இந்த வித்தியாசத்தைப் பயிற்சி தொடங்கும்போதே கண்டுபிடித்து, அன்றைய எடையையும் செட்டுகளையும் மாற்றிக்கொள்ளும் முறைக்கு ஆட்டோரெகுலேஷன் என்று பெயர்.

இதன் வேர் மருத்துவமனையில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த அமெரிக்க வீரர்களுக்குச் சிகாகோவின் கார்டினர் ராணுவ மருத்துவமனையில் தாமஸ் டிலோர்ம் என்ற மருத்துவர் பளுப் பயிற்சி அளித்தார். எடையைப் படிப்படியாகக் கூட்டும் அவரது முறை 1945-இல் வெளியானது. எந்த அளவு கூட்டுவது என்ற கேள்விக்குத் தெளிவான விடை தந்தவர் கென்னத் நைட். முழங்கால் அறுவைக்குப் பிந்தைய மறுவாழ்வுப் பயிற்சிக்காக 1979-இல் அவர் வெளியிட்ட முறையில் நான்கு செட்டுகள் உண்டு. முதல் இரண்டும் உடம்பைச் சூடேற்ற. மூன்றாவது செட்டில் திட்டமிட்ட எடையை எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை நோயாளி தூக்குவார். ஐந்து, ஆறு முறை வந்தால் நான்காவது செட்டிலும் அதே எடை. இரண்டு முறைக்கு மேல் வரவில்லை என்றால் எடை இறங்கும். எட்டு, பத்து என்று போனால் ஏறும். நோயாளியின் கால் அன்று எப்படி இருக்கிறதோ, அதுவே அன்றைய எடையைத் தீர்மானித்தது. கருவி எதுவும் இல்லாமலேயே இன்றும் இதைச் செய்யலாம்.

நைட்டின் முறையில் ஒரு சிரமம் உண்டு. உடம்பின் நிலை தெரிய ஒரு செட்டை முழுவதுமாக, இனி முடியாது என்ற அளவுக்குச் செய்தாக வேண்டும். பதில் கிடைப்பதற்குள் பாதிக் களைப்பு வந்துவிடும். பாரின் வேகத்தை அளக்கும் முறை இந்தச் சிரமத்தைத் தீர்க்கிறது. வார்ம்-அப்பில் தூக்கும் லேசான எடையே பதிலைச் சொல்லிவிடுகிறது.

முழு மூச்சாகத் தள்ளினாலும், எடை கூடக் கூட பார் மெதுவாகத்தான் நகரும். தசை வேகமாகச் சுருங்கும்போது அதனால் குறைந்த விசையைத்தான் தர முடியும். பெரிய விசை வேண்டுமானால் அது மெதுவாகச் சுருங்கியாக வேண்டும். இந்த உறவை பிரிட்டிஷ் உடலியலாளர் ஏ.வி. ஹில் 1938-இல் தவளைத் தசையில் அளந்து காட்டினார். ஜிம்முக்கு இதைக் கொண்டுவந்ததில் ஸ்பெயினின் கொன்சாலஸ்-படியோ, சான்செஸ்-மெதினா இருவருக்கும் பெரும் பங்கு உண்டு. 2010-இல் வெளியான அவர்களது ஆய்வில் பளுப் பயிற்சியில் பழகிய 120 இளைஞர்கள் பெஞ்ச் பிரஸ் செய்தார்கள். பாரில் கட்டிய கருவி ஒவ்வொரு ரெப்பின் வேகத்தையும் குறித்தது. ஒருவரின் அதிகபட்சம் 60 கிலோவோ 120 கிலோவோ, அதில் 60 சதவீதத்தைத் தூக்கும்போது பாரின் சராசரி வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 0.79 மீட்டராக இருந்தது. 70 சதவீதத்தில் அது 0.62, 80 சதவீதத்தில் 0.47, 90 சதவீதத்தில் 0.32. ஒரே ஒரு முறை மட்டுமே தூக்க முடிகிற அதிகபட்ச எடையில் 0.17 அளவில் வந்து நின்றது.

அந்த ஆய்வில் இன்னொரு முக்கியமான செய்தியும் உண்டு. அவர்களில் ஒரு பகுதியினரை ஆறு வாரப் பயிற்சிக்குப் பிறகு மீண்டும் சோதித்தபோது, அவர்களது அதிகபட்ச எடை சராசரியாக 9 சதவீதத்துக்கு மேல் உயர்ந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு சதவீதத்துக்கும் உரிய வேகம் ஏறக்குறைய மாறவே இல்லை. வேகத்தைப் பார்த்தே ஒரு எடை இன்று எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை இங்கிருந்துதான் பிறந்தது. நேற்றைய அதிகபட்சத்தை வைத்து இன்றைய சதவீதத்தை ஊகிக்க வேண்டியதில்லை. இன்றைய வேகமே இன்றைய சதவீதத்தைத் தருகிறது.

இதை ஒரு பயிற்சி நாளில் வைத்துப் பார்க்கலாம். முன்பு சொன்ன, அதிகபட்சம் 100 கிலோ தூக்கும் நபரையே எடுத்துக்கொள்வோம். அவரது சொந்த வேகங்கள் மேலே கண்டவற்றோடு ஒத்துப்போகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். அன்றைய திட்டம் 80 சதவீதத்தில் நான்கு செட். வார்ம்-அப்பில் வெறும் பார், பிறகு 40 கிலோ. அடுத்து 60 கிலோவை முழு வேகத்தில் இரண்டு, மூன்று ரெப் தள்ளுகிறார். வழக்கமாக 0.79 காட்டும் கருவி இன்று அதிகபட்சமாக 0.71 காட்டுகிறது. அவரது பட்டியலில் 0.71 என்பது 60-க்கும் 70-க்கும் நடுவில், சுமார் 65 சதவீதத்துக்கு உரிய வேகம். அதாவது 60 கிலோ இன்று அவருக்கு 65 சதவீத எடையைப் போல நகர்கிறது. 60-ஐ 0.65-ஆல் வகுத்தால் 92 கிலோ வரும். அதுதான் அவரது இன்றைய அதிகபட்சத்தின் முதல் மதிப்பீடு.

ஒரு எண்ணை மட்டும் நம்பி முடிவெடுப்பது சரியல்ல என்பதால் அவர் 70 கிலோவையும் தூக்கிப் பார்க்கிறார். வழக்கமாக 0.62 வரும் இடத்தில் 0.54 வருகிறது. அதைக் கணக்கிட்டால் இன்றைய அதிகபட்சம் 93 கிலோ. இரண்டு மதிப்பீடுகளும் ஒத்துப்போவதால் இது கருவியின் பிழையோ ஒரு ரெப்பின் கவனக்குறைவோ இல்லை என்று தெரிகிறது. 92, 93 கிலோவின் 80 சதவீதம் 74 கிலோ. கைவசமுள்ள பிளேட்டுகளில் 72.5 அல்லது 75 கிலோதான் ஏற்ற முடியும். இறக்கம் உறுதியான நாளில் குறைந்த பக்கம் போவது நல்லது, எனவே 72.5.

எடையைத் தீர்மானித்த பிறகு, ஒவ்வொரு செட்டையும் எங்கே நிறுத்துவது என்ற கேள்வி வருகிறது. அதற்கும் வேகமே அளவுகோல். செட்டின் வேகமான ரெப்போடு ஒப்பிட்டு, குறிப்பிட்ட சதவீதம் வேகம் குறைந்ததும் பாரை ரேக்கில் வைத்துவிட வேண்டும். வலிமைக்கான பயிற்சியில் 20 சதவீத இழப்பு பரவலாகப் பயன்படும் எல்லை. நம் நபரின் முதல் ரெப் 0.49 காட்டுகிறது, அதிலிருந்து 20 சதவீதம் இறங்கினால் 0.39. அடுத்த ரெப்கள் 0.48, 0.44, 0.38. நான்காவது ரெப் எல்லைக்குக் கீழே போனதால் செட் அங்கே முடிகிறது. இரண்டாவது செட்டும் அதே போல நான்கு ரெப். மூன்றாவதில் வேகம் 0.47, 0.43, 0.37 என்று இறங்க, மூன்று ரெப்போடு முடிகிறது. நான்கு நிமிட ஓய்வுக்குப் பிறகு தொடங்கிய நான்காவது செட்டின் முதல் ரெப்பே 0.43-தான். புத்துணர்வோடு இருந்தபோது வந்த 0.49-ஐ விட அது 12 சதவீதம் குறைவு. ஓய்வெடுத்தும் வேகம் திரும்பவில்லை என்றால் களைப்பு சேர்ந்துவிட்டது என்று பொருள். அன்று நான்காவது செட்டை அதோடு விட்டுவிடுவது சரியான முடிவு.

இந்த 20 சதவீதம் எல்லோருக்கும் எல்லா நோக்கத்துக்கும் பொருந்தும் எண் அல்ல. பரேஹா-பிளாங்கோவும் அவரது குழுவினரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு குழுக்கள் எட்டு வாரம் ஒரே சதவீத எடைகளில் ஸ்குவாட் செய்தன. ஒரு குழு 20 சதவீத இழப்பில் செட்டை நிறுத்தியது. மற்றது 40 சதவீதம் வரை தொடர்ந்தது. முதல் குழு செய்த ரெப்கள் மிகக் குறைவு. ஆனாலும் இரண்டு குழுக்களின் வலிமையும் ஏறக்குறைய சமமாகவே வளர்ந்தது. குதிக்கும் உயரத்தில் 20 சதவீதக் குழு முன்னேறியது. தொடைத் தசையின் பருமனில் 40 சதவீதக் குழு முன்னேறியது. கைப்பந்து வீரருக்கும் ஓட்டப்பந்தய வீரருக்கும் 20 அல்லது அதற்கும் குறைவான எல்லை ஏற்றது. தசை பெரிதாக வேண்டும் என்று பயிற்சி செய்பவர் அந்த எல்லையில் நிறுத்தினால் தனக்கு வேண்டியதில் ஒரு பகுதியை இழப்பார்.

வேகம் கூடிய நாளில் என்ன செய்வது? அதே நபர் இன்னொரு நாள் 60 கிலோவை 0.86-இல் தள்ளுகிறார் என்றால் கணக்கு 107 கிலோ என்று சொல்லும். அதில் 80 சதவீதம் 85 கிலோவுக்குச் சற்று மேல். இங்கே கணக்கை அப்படியே பின்பற்றாமல் 82.5 கிலோவோடு நிறுத்துவது நல்லது. எடையைக் குறைத்து ஏமாந்தால் ஒரு நாள் பயிற்சி கொஞ்சம் லேசாகப் போகும், அவ்வளவுதான். கூட்டி ஏமாந்தால் அதன் விலையைத் தோளும் முதுகும் அடுத்த வாரம் வரை கொடுக்கும். அதோடு, லேசான எடையில் வேகம் கூடுவதற்கு வலிமை மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. மார்பில் பாரைத் தட்டி எழுப்பினாலே வேகம் கூடிவிடும்.

இந்த முறை எங்கே தவறும் என்பது இப்படித் தட்டி எழுப்புவதிலிருந்தே தொடங்குகிறது. வேகத்தின் எண் எடையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் மற்ற எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு நாள் மார்பில் ஒரு விநாடி நிறுத்தித் தள்ளி, மறுநாள் நிறுத்தாமல் தள்ளினால் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியாது. ஸ்குவாட்டில் இன்னும் எளிதாக ஏமாறலாம். நான்கு விரற்கடை குறைவாக உட்கார்ந்தால் பார் வேகமாக எழும். வலிமை கூடியது போலத் தோன்றும். பாரில் நூலால் இணைக்கும் கருவிகள் பார் நகர்ந்த தூரத்தையும் காட்டும். வேகத்தைப் பார்க்கும் முன் அந்தத் தூரம் வழக்கமானதுதானா என்று பார்ப்பது கட்டாயம். தூரம் குறைந்திருந்தால் அந்த ரெப்பைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இன்னும் பெரிய பிழை முயற்சியில் இருக்கிறது. 60 கிலோ லேசான எடை என்பதால் பலர் அதை நிதானமாகத் தள்ளுவார்கள். அப்படித் தள்ளினால் 0.71 என்பது களைப்பைக் காட்டுகிறதா, சோம்பலைக் காட்டுகிறதா என்று யாருக்கும் தெரியாது. அளக்கும் ரெப் ஒவ்வொன்றையும் அதிகபட்ச எடையைத் தூக்கும் தீவிரத்தோடு தள்ள வேண்டும். இதைப் பழகிக்கொள்ளவே புதியவர்களுக்குச் சில வாரங்கள் பிடிக்கும். ஒரே எடையில் அடுத்தடுத்து தூக்கிய மூன்று ரெப்களின் வேகம் 0.79, 0.68, 0.77 என்று சிதறினால் அங்கே முயற்சி சீராக இல்லை என்று அர்த்தம். அன்றைய எண்களை வைத்து எடையை மாற்றக் கூடாது.

கருவிக்குக் கருவியும் எண் மாறும். சில கருவிகள் பார் மேலே போகும் முழுக் கட்டத்தின் சராசரி வேகத்தைத் தரும். சில, பார் தானே வேகம் தணியத் தொடங்கும் கடைசிப் பகுதியைக் கழித்துவிட்டுச் சராசரி எடுக்கும். வேறு சில உச்ச வேகத்தைக் காட்டும். லேசான எடையில் இவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம் பெரிது. ஒருவர் எந்தக் கருவியில், எந்த வகை வேகத்தில் தன் பட்டியலைத் தயாரித்தாரோ அதிலேயே தொடர வேண்டும். மணிக்கட்டிலோ பாரிலோ மாட்டும் சிறிய உணர்விகளையும் மொபைல் கேமராவையும் விட நூல் இணைத்த கருவிகள் பொதுவாக நம்பகமானவை. விலையும் அதற்கேற்ப அதிகம்.

பெஞ்ச் பிரஸ்ஸுக்குச் சொன்ன எண்களை மற்ற பயிற்சிகளுக்குக் கொண்டுபோகவும் கூடாது. ஸ்குவாட்டில் அதிகபட்ச எடையே விநாடிக்கு 0.3 மீட்டர் அளவில் எழும். 80 சதவீதத்தில் வேகம் 0.7-ஐ நெருங்கும். அங்கே ஆளுக்கு ஆள் வித்தியாசமும் அதிகம். தோளில் பாரைத் தாங்கிச் செய்யும் ஸ்குவாட்டில், வார்ம்-அப் வேகங்களை நீட்டி அதிகபட்சத்தைக் கணித்தால் உண்மையான அதிகபட்சத்தைவிடக் கூடுதலாக வருகிறது என்று பான்யார்டு குழுவினர் 2017-இல் காட்டினார்கள். ஆகவே ஸ்குவாட்டில் இன்றைய அதிகபட்சம் இத்தனை கிலோ என்று கணக்கிடுவதைவிட, இதே எடை வழக்கத்தைவிட மெதுவாக நகர்கிறதா என்று மட்டும் பார்ப்பது பாதுகாப்பானது. டெட்லிஃப்டில் இதைவிடவும் கவனம் வேண்டும்.

வழக்கத்தைவிட மெதுவாக என்று சொல்ல, வழக்கம் எது என்று முதலில் தெரிய வேண்டும். நல்ல உடல்நிலையில்கூட ஒரே எடையின் வேகம் நாளுக்கு நாள் சற்று மாறும். இரண்டு, மூன்று வாரங்கள் எடையை மாற்றாமல், ஒவ்வொரு பயிற்சியிலும் அதே வார்ம்-அப் எடையின் வேகத்தை மட்டும் குறித்துவந்தால் அந்த இயல்பான அசைவு தெரிந்துவிடும். 60 கிலோ 0.76-க்கும் 0.82-க்கும் இடையில் போய்வருகிறது என்றால், 0.77 வந்த நாளில் எதையும் மாற்றத் தேவையில்லை. அந்த வரம்பைத் தாண்டி, அடுத்த எடையிலும் அதே திசையில் தாண்டினால்தான் பிளேட்டைக் கழற்ற வேண்டும். இந்த முறையைக் கைவிட்டவர்கள் பலரும் இந்தக் கட்டத்தைத் தவிர்த்தவர்களே; சிறு அசைவுக்கெல்லாம் எடையை மாற்றி, கடைசியில் எந்த வாரமும் ஒழுங்காகப் பயிற்சி நடக்காமல் போகிறது.

பாரைத் தொடும் முன்பே உடம்பின் நிலையை அறிய முயல்வது தயார்நிலை மதிப்பெண். விளையாட்டு அணிகளில் பரவலாக உள்ள எளிய வடிவத்தில் களைப்பு, தூக்கத்தின் தரம், தசைவலி, மன அழுத்தம், மனநிலை ஆகிய ஐந்துக்கும் வீரரே ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுவார், மொத்தம் 25. மதிப்பெண் கூடினால் நிலைமை நல்லது என்று பொருள். கைக்கடிகாரமும் மோதிரமும் தரும் மதிப்பெண்கள் இதயத் துடிப்புகளுக்கு இடையேயுள்ள நேர வேறுபாடு, ஓய்வு நேரத் துடிப்பு, தூக்கம் ஆகியவற்றைக் கலந்து ஒரே எண்ணாக்குகின்றன. எதற்கு எத்தனை பங்கு என்பதை நிறுவனங்கள் முழுமையாகச் சொல்வதில்லை. அதனால் 62 என்று வந்தால் அது கெட்ட தூக்கத்தாலா, தொடங்கப்போகும் காய்ச்சலாலா என்று பிரித்தறிவது கடினம். ஐந்து கேள்விகளில் அந்தச் சிக்கல் இல்லை. எந்தக் கேள்வியில் மதிப்பெண் விழுந்தது என்று கண்ணெதிரே தெரியும். பயிற்சிச் சுமையின் மாற்றங்களை வீரர் தானே சொல்லும் இத்தகைய பதில்கள், இரத்தப் பரிசோதனை, இதயத் துடிப்பு போன்ற அளவீடுகளைவிடக் கூர்மையாகவும் சீராகவும் காட்டுகின்றன என்று 2016-இல் வெளியான ஒரு விரிவான ஆய்வுத் தொகுப்பு முடிவு செய்தது.

ஆனால் தயார்நிலை மதிப்பெண் அன்றைய வலிமையை நேராக அளப்பதில்லை. ஒரே ஓர் இரவு தூக்கம் குறைந்தவர் காலையில் 14 மதிப்பெண் போட்டுவிட்டு, பாரை வழக்கமான வேகத்திலேயே தள்ளிவிடலாம். அதிகபட்ச வலிமை ஓர் இரவில் அவ்வளவு எளிதாக விழுவதில்லை. தொடர்ந்து பல இரவுகள் கெட்டால்தான் பாரில் அது தெரியத் தொடங்கும். எனவே மதிப்பெண்ணுக்கும் வேகத்துக்கும் வேலையைப் பிரித்துக் கொடுப்பது உத்தமம். எடையைத் தீர்மானிப்பது வார்ம்-அப் வேகம். எத்தனை செட், கூடுதல் பயிற்சிகள் வேண்டுமா என்பதில் மதிப்பெண்ணுக்கு இடம் கொடுக்கலாம். தன் வழக்கமான 19-லிருந்து 14-க்கு இறங்கிய நாளில் வேகம் சரியாக இருந்தால் அதே 80 கிலோவைத் தூக்கலாம். நான்கு செட்டை மூன்றாக்கி, பிறகு வரும் கைப் பயிற்சிகளை விட்டுவிடலாம். மூட்டு வலி, நெஞ்சு அசௌகரியம், காய்ச்சல் ஆகியவை இந்தக் கணக்கில் சேராதவை. அவை இருந்தால் வேகம் எதுவாக இருந்தாலும் அன்று பார் இல்லை.

அணியில் இன்னொரு சிக்கல் வரும். மதிப்பெண் குறைந்தால் கோச் ஆட்டத்திலிருந்து நிறுத்திவிடுவார் என்று தெரிந்தால், வீரர்கள் எல்லா நாளும் 20 போடுவார்கள். ஒருவரின் மதிப்பெண் வாரக்கணக்கில் அசையாமல் ஒரே எண்ணாக இருந்தால் அந்தப் படிவத்தால் பயனில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

வேகத்தை அளந்து எடையை மாற்றுபவர்கள், திட்டத்தில் எழுதிய சதவீதத்தை அப்படியே தூக்குபவர்களைவிடப் பன்மடங்கு வலிமை பெறுவதில்லை. இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றில் வலிமை ஏறக்குறைய ஒரே அளவில் வளர்ந்திருக்கிறது. குறைந்த ரெப்களில், குறைந்த களைப்பில் அதே வளர்ச்சி கிடைப்பதுதான் அடிக்கடி தெரியும் ஆதாயம். போட்டி நடக்கும் மாதங்களில் ஓட்டம், ஆட்டம், பயணம் எல்லாவற்றுக்கும் நடுவே பளுப் பயிற்சி செய்யும் வீரருக்கு அந்த ஆதாயம் பெரிது. முதல் சில மாதங்களில் இருக்கும் புதியவருக்கு அது மிகச் சிறிது. வாராவாரம் வலிமை ஏறிக்கொண்டிருக்கும் அவரிடம் ஒப்பிட நிலையான வேகமே இருக்காது. நைட்டின் முறைப்படி ரெப்களை எண்ணுவதே அவருக்குப் போதும்.

பட்டியலையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். சதவீதத்துக்குரிய வேகம் பெரிதாக மாறாவிட்டாலும் அது எத்தனை கிலோ என்பது மாறிக்கொண்டே இருக்கும். ஆறு அல்லது எட்டு வாரங்களுக்கு ஒருமுறை, நன்றாக ஓய்ந்த நாளில் 40 கிலோவிலிருந்து 90 கிலோ வரை படிப்படியாக ஏற்றி வேகங்களைப் புதிதாகக் குறித்துக்கொள்வது வழக்கம். இடையில் 60 கிலோவின் வேகம் தொடர்ந்து மூன்று, நான்கு பயிற்சிகளில் 0.71 அளவிலேயே நின்றால் அதை அன்றைய ஏற்ற இறக்கமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்போது தினசரி எடையை மாற்றுவதால் பயன் இல்லை. அந்த வாரத்தின் மொத்த செட்டுகளையே பாதியாகக் குறைத்து, வேகம் 0.76-க்கு மேல் திரும்பிய பிறகுதான் பழைய திட்டத்துக்குப் போக வேண்டும்.